தலையாட்டுகிறார், ஆனால் விரல் நகரவில்லை: பணச் செயலி விளக்க வீடியோவின் ஸ்கிரிப்டில் பிழை தேடுவது எப்படி

ஃபோன் வழியே பணம் அனுப்பும் செயலியை இதுவரை தொட்டே பார்க்காதவருக்காக ஓர் அனிமேஷன் வீடியோ தயாராகிறது. அதன் ஸ்கிரிப்ட் வழக்கம்போல இரண்டு பத்திகளில் இருக்கும்: ஒரு பக்கம் காட்சி, மறுபக்கம் குரல். குழுவில் எல்லோரும் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், குழுவில் இருக்கும் எல்லோருக்கும் செயலி ஏற்கெனவே தெரியும். ஸ்கிரிப்ட் விட்டுவிட்ட இடங்களை அவர்களுடைய மனமே நிரப்பிக்கொள்ளும். அதனால் பிழை அவர்கள் கண்ணில் படாது. புதியவரின் கையில் ஃபோனைக் கொடுத்த பிறகுதான் அது வெளியே வரும்.

எனவே முதலில் சோதனைக்கான ஏற்பாடு. ஸ்டோரிபோர்டு படங்களை வரிசையாக வைத்து, யாராவது ஒருவர் பேசிப் பதிவுசெய்த தற்காலிகக் குரலையும் சேர்த்தால் அனிமேட்டிக் கிடைத்துவிடும். சோதனைக்கு அதுவே போதும். இந்தக் கட்டத்தில் ஒரு வரியை மாற்றுவது சில நிமிட வேலை. அனிமேஷன் முடிந்த பிறகு என்றால், ஒவ்வொரு விநாடிக்கும் 24 அல்லது 25 பிரேம்களைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். கூடவே, உண்மையான பணம் நகராத பயிற்சிப் பதிப்பு ஒன்றை ஃபோனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவை ஒருமுறை காட்டிய பிறகு "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். பெரும்பாலானவர்கள் மரியாதைக்காகவாவது ஆமாம் என்பார்கள். ஃபோனைக் கொடுத்து, "இந்தக் கடைக்காரருக்கு 500 அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு விரலைக் கவனியுங்கள். எங்கே நின்றது, எங்கே தவறான இடத்துக்குப் போனது, எந்த இடத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே வருவது அப்படிக் குறித்தவற்றிலிருந்து ஸ்கிரிப்டின் வரிக்குத் திரும்பிப் போகும் வழி.

அறிகுறி: முதல் ஸ்க்ரீனிலேயே விரல் நின்றுவிடுகிறது

வீடியோ முழுவதையும் கவனமாகப் பார்த்தவர் செயலியைத் திறந்ததும் எங்கே தொடுவது என்று தெரியாமல் தேடுகிறார். இதற்கு அனேகமாக இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும்.

முதலாவது, குரல் சொல்லும் பெயர் ஸ்க்ரீனில் இல்லை. குரல் "பணம் அனுப்புங்கள்" என்கிறது, பட்டனிலோ 'செலுத்து' என்று எழுதியிருக்கிறது. பழகியவருக்கு இரண்டும் ஒன்று. புதியவர் 'அனுப்பு' என்ற எழுத்தைத் தேடிக்கொண்டே இருப்பார். ஸ்கிரிப்டில் வரும் ஒவ்வொரு பட்டன் பெயரையும் செயலியின் இப்போதைய ஸ்க்ரீனோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். செயலியை வேறு மொழியில் வைத்திருப்பவர்களும் வீடியோவைப் பார்ப்பார்கள் என்றால், பெயரோடு பட்டனின் இடத்தையும் வடிவத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "கீழே நடுவில் இருக்கும் வட்டமான பட்டனைத் தொடுங்கள்" என்ற வாக்கியம் எந்த மொழி ஸ்க்ரீனிலும் செல்லும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இடம் முதலில் வந்து செயல் கடைசியில் வருவதால், 'தொடுங்கள்' என்று கேட்கும்போது கண் ஏற்கெனவே பட்டனில் இருக்கும்.

இரண்டாவது காரணம், குரலும் காட்சியும் ஒரே நேரத்தில் நடக்கவில்லை. குரல் ஸ்கேன் பட்டனைப் பற்றிப் பேசும்போது படத்தில் கதாபாத்திரம் சிரித்துக்கொண்டு கடைக்குள் நுழைகிறது. பட்டன் தெரியும்போது குரல் அடுத்த படிக்குப் போய்விட்டது. படித்துக்கொண்டிருக்கும்போது இது தெரியாது, ஏனென்றால் தாளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் விநாடியை எழுதி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். விரல் பட்டனுக்கு வந்து சேர்ந்த பிறகு, தொடுவதற்கு முன்பு, படம் சற்று நிற்க வேண்டும் என்று காட்சிப் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். நான் ஒன்றரை விநாடி என்று எழுதுவது வழக்கம். 24 பிரேம் வேகத்தில் அது 36 பிரேம். அனிமேட்டருக்கு அது வீணான இடைவெளியாகத் தோன்றலாம். ஆனால் புதியவரின் கண் பட்டனைக் கண்டுபிடிப்பது அந்த இடைவெளியில்தான்.

எது காரணம் என்று பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒருவருக்கு ஒலியை அணைத்துக் காட்டுங்கள். அவரால் பட்டனைச் சரியாகத் தொட முடிந்தால் காட்சி சரி, பிழை குரலில் இருக்கிறது. வேறொருவருக்குப் படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேட்கவிட்டு, "இப்போது எந்த இடத்தைத் தொடச் சொன்னார்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லிவிட்டால் பிழை காட்சியில்.

சப்டைட்டிலையும் இங்கேயே கவனித்துவிடலாம். பணச் செயலிகளில் முக்கியமான பட்டன் பெரும்பாலும் ஸ்க்ரீனின் அடியில் இருக்கும். சப்டைட்டில் வருவதும் அங்கேதான். ஒலி இல்லாமல் பார்ப்பவருக்கும் காது கேளாதவருக்கும் சப்டைட்டில் கட்டாயம் வேண்டும் என்பதால் அதை எடுத்துவிட முடியாது. வரையும் ஃபோனைப் படச் சட்டத்தில் சற்று மேலே தூக்கி வைத்து அடியில் இடம் விடுங்கள் என்று ஸ்கிரிப்டின் முதல் குறிப்பாகவே எழுதிவிடுங்கள். வரைந்து முடித்த பிறகு ஒவ்வொரு காட்சியிலும் ஃபோனை நகர்த்துவது பெரிய வேலை.

அறிகுறி: இரண்டு முறை பணம் அனுப்பிவிடுகிறார்

எல்லாவற்றிலும் கவலைக்குரியது இதுதான். பயிற்சிப் பதிப்பில் பதில் வருவதை வேண்டுமென்றே தாமதப்படுத்திப் பாருங்கள். பலர் சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பின்னால் போய், மறுபடி ஸ்கேன் செய்து, மறுபடி 500 தட்டி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் அவசரக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். வீடியோ கற்றுக்கொடுத்ததைத்தான் செய்கிறார்கள்.

இப்படி ஒரு காட்சி பல ஸ்கிரிப்டுகளில் இருக்கும்:

```
காட்சி: மாலா கியூஆர் கோடை ஸ்கேன் செய்கிறாள்.
        500 தட்டுகிறாள். அவள் ஃபோனிலிருந்து
        தங்க நாணயம் பறந்து கடைக்காரர்
        ஃபோனுக்குள் விழுகிறது. பச்சை டிக்.
குரல்:  ஸ்கேன் செய்யுங்கள், தொகையைத் தட்டுங்கள்,
        அவ்வளவுதான்! கண் இமைப்பதற்குள்
        பணம் போய்ச் சேர்ந்துவிடும்.
```

ஏழு விநாடியில் முடிந்துவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் இதைப் பார்த்தவரின் மனதில் இரண்டு நிலைகள் மட்டுமே பதிகின்றன: பணம் என்னிடம் இருக்கிறது, அல்லது அவரிடம் போய்விட்டது. பச்சை டிக் வராவிட்டால் பணம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது என்று அவர் முடிவு செய்வது முற்றிலும் நியாயமானது. அதனால் மறுபடி அனுப்புகிறார்.

உண்மையில் நடப்பது வேறு. ஃபோன் அனுப்புவது பணத்தை அல்ல, ஒரு கட்டளையை. அது செயலியின் சர்வருக்குப் போகிறது. கொடுப்பவரின் கணக்கில் கழித்து, வாங்குபவரின் கணக்கில் சேர்த்து, முடிவு ஃபோனுக்குத் திரும்பி வர வேண்டும். இந்தப் பாதையில் எங்கே வேண்டுமானாலும் தாமதம் ஏற்படலாம். பணம் கழிக்கப்பட்ட பிறகு, பதில் மட்டும் வழியில் தொலைந்துபோகவும் வாய்ப்புண்டு. ஆகவே நிலைகள் மூன்று: போய்விட்டது, போகவில்லை, இன்னும் தெரியவில்லை. மூன்றாவது நிலையில் இருக்கும்போது முதலிலிருந்து தொடங்கி அனுப்பினால், அதற்குப் புதிய பரிவர்த்தனை எண் கிடைக்கும். சர்வருக்கு அது அதே பணத்தை மறுபடி அனுப்பும் முயற்சியாகத் தெரியாது, வேறொரு புதிய கொடுப்பாகத் தெரியும். ஒரே கட்டளை இரண்டு முறை வந்தால் நிறுத்தும் ஏற்பாடு நல்ல செயலிகளில் இருக்கும்தான். ஆனால் ஆளே புதிதாகக் கொடுத்த கட்டளையை அது நிறுத்தும் என்று நம்பி ஸ்கிரிப்ட் எழுதக் கூடாது.

இந்தக் காட்சியை நான் எழுதினால் இப்படிப் பிரிப்பேன்:

```
1. (4 விநாடி)
காட்சி: மேசையில் கடைக்காரரின் கியூஆர் அட்டை.
        மாலாவின் ஃபோன் அதன்மேல். கோடு
        கட்டத்துக்குள் வந்து நிற்கிறது.
குரல்:  கடைக்காரரின் கோடு கட்டத்துக்குள்
        வரும்படி ஃபோனைப் பிடியுங்கள்.

2. (5 விநாடி)
காட்சி: ஸ்க்ரீனில் கடைக்காரர் பெயர். மாலா
        நிமிர்ந்து பெயர்ப்பலகையைப் பார்த்து,
        திரும்பி ஸ்க்ரீனைப் பார்க்கிறாள்.
குரல்:  யாருக்குப் போகிறது என்று பெயர் வரும்.
        இவர்தானா என்று பாருங்கள்.

3. (4 விநாடி)
காட்சி: 500. விரல் 'செலுத்து' பட்டனில்.
குரல்:  தொகையைத் தட்டி, கீழே இருக்கும்
        'செலுத்து' பட்டனைத் தொடுங்கள்.

4. (4 விநாடி)
காட்சி: பின் கட்டங்கள். புள்ளிகள் மட்டும்.
குரல்:  உங்கள் பின் எண்ணை மறைத்துப் போடுங்கள்.

5. (5 விநாடி)
காட்சி: வட்டம் சுழல்கிறது. மாலாவின் விரல்
        ஃபோனை விட்டு விலகியிருக்கிறது.
குரல்:  இப்போது காத்திருங்கள்.
        எதையும் தொட வேண்டாம்.

6. (5 விநாடி)
காட்சி: 'பணம் சென்றது'. பச்சை டிக்.
குரல்:  'பணம் சென்றது' என்று வந்தால்தான்
        வேலை முடிந்தது.

7. (8 விநாடி)
காட்சி: அதே வட்டம், இன்னும் சுழல்கிறது.
        மாலா 'வரலாறு' பக்கத்தைத் திறக்கிறாள்.
        முதல் வரியில் 500, 'செயல்பாட்டில்'.
குரல்:  பதில் வரவில்லையா? 'வரலாறு' பக்கத்தில்
        முதல் வரியைப் பாருங்கள். முடிவு
        தெரியும் வரை மறுபடி அனுப்ப வேண்டாம்.
```

மொத்தம் 35 விநாடி. முன்பு இருந்ததைப்போல ஐந்து மடங்கு. இதைக் கொண்டுபோனால் நீளம் குறித்து நிச்சயம் எதிர்ப்பு வரும். ஐந்தாவது வரிசையைக் குறைக்கலாமே என்பார்கள், ஏனென்றால் அதில் 'ஒன்றும் நடக்கவில்லை'. விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த ஐந்து விநாடியும் காத்திருப்பதைக் கற்றுக்கொடுக்கின்றன. விரல் விலகியிருப்பதைப் பார்த்தவர் தன் விரலையும் விலக்குவார். நேரம் குறைக்கத்தான் வேண்டும் என்றால் தொடக்கத்தில் கதாபாத்திரம் வீட்டிலிருந்து கடைக்கு நடந்து வரும் காட்சியை எடுங்கள். அதனால் யாருக்கும் பணம் நஷ்டமாகாது.

ஏழாவது வரிசையில் ஒரு கவனம் தேவை. பணம் கழிக்கப்பட்டும் கொடுப்பு தோல்வியடைந்தால் எப்போது திரும்பி வரும் என்று வீடியோவில் நாள் கணக்குச் சொல்லத் தோன்றும். செயலிக்கும் வங்கிக்கும் ஏற்ப அது மாறும், விதி மாறினாலும் மாறும். நிறுவனம் எழுத்தில் உறுதி தராத எண்ணைக் குரலில் ஏற்ற வேண்டாம். 'வரலாறு' பக்கம் எங்கே இருக்கிறது என்பதும், அந்த வரியைத் தொட்டால் புகார் செய்யும் வழி தெரியும் என்பதும் போதும்.

இரண்டாவது வரிசை வேறொரு அறிகுறிக்கும் மருந்து. பெயரைப் பார்க்காமலே அடுத்ததற்குத் தாவுகிறவர்கள், அதாவது தவறான ஆளுக்கு அனுப்பிவிடக்கூடியவர்கள், வீடியோவில் அந்த ஸ்க்ரீன் ஒரு நொடி மட்டும் வந்துபோனதைப் பார்த்தவர்கள். "பெயரைச் சரிபாருங்கள்" என்று குரல் சொன்னால் மட்டும் போதாது. மாலா நிமிர்ந்து பார்த்துத் திரும்புவதைக் கண் பார்க்க வேண்டும்.

அறிகுறி: பணம் வாங்க வேண்டிய இடத்தில் பின் எண்ணைப் போடுகிறார்

சோதனையில் ஒருவரிடம், "உங்களுக்கு 500 வரப்போகிறது, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு, அவர் ஃபோனுக்குப் பணம் கேட்கும் கோரிக்கை ஒன்றை அனுப்பிப் பாருங்கள், உங்கள் செயலியில் அந்த வசதி இருந்தால். ஸ்க்ரீனில் 500 என்ற எண் தெரியும், பின் கேட்கும். பலர் தயங்காமல் போட்டுவிடுவார்கள். வாங்குவதாக நினைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்தும் வழியும் இதேதான். ஆகவே இந்த அறிகுறி தெரிந்தால் ஸ்கிரிப்டை அடுத்த கட்டத்துக்கு அனுப்பாதீர்கள்.

காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் பின் அறிமுகமாகும் வரிதான் அகப்படும். "பின் என்பது உங்கள் பணத்தின் சாவி" என்பதுபோல எழுதியிருப்பார்கள். சாவி திறக்கவும் செய்யும், பூட்டவும் செய்யும். போவதற்கும் உதவும், வருவதற்கும் உதவும். பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதை அந்த உவமை சொல்லவே இல்லை. அழகான வரிதான், எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் வேலையைச் சொல்லும் வரியைப் போடுங்கள்: "பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகும். பணம் வாங்குவதற்குப் பின் தேவையில்லை."

இதை எழுதுவதற்கு முன்பு செயலியை உருவாக்குகிறவர்களிடம் ஒரு பட்டியல் கேட்டு வாங்குங்கள்: எந்தெந்த ஸ்க்ரீனில் பின் கேட்கப்படுகிறது? சில செயலிகள் திறக்கும்போதே ஒரு பின் கேட்கும். கணக்கில் இருக்கும் மீதியைப் பார்க்கவும் கேட்கும். அப்படி இருந்தால் மேலே சொன்ன முதல் வாக்கியம் பொய்யாகிவிடும். பார்ப்பவர் முதல் நாளே அந்தப் பொய்யைக் கண்டுபிடிப்பார், பிறகு உங்கள் எச்சரிக்கை எதையும் நம்ப மாட்டார். அந்தச் சூழலில், "பணம் வாங்குவதற்குப் பின் தேவையில்லை" என்ற இரண்டாவது வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அது உங்கள் செயலிக்கு உண்மையா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, வீடியோவில் மூன்று விதமான எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள்: ஃபோனின் பூட்டைத் திறக்கும் எண், செயலியின் பின், குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி. எழுதுகிறவருக்கு மூன்றும் தனித்தனி. பார்ப்பவருக்கு மூன்றுமே 'அந்த நம்பர்'. ஓடிபி கேட்கும் இடத்தில் ஒருவர் பின்னைத் தட்டினால், இரண்டையும் ஒரே மாதிரிக் கட்டங்களில் வரைந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஓடிபி வரும்போது குறுஞ்செய்தி மேலிருந்து இறங்கி வருவதைக் காட்டுங்கள். பின் போடும்போது மாலா ஒரு கணம் கண்ணை மேலே தூக்கி நினைவுபடுத்திக்கொள்ளட்டும். ஒன்று வெளியிலிருந்து வருகிறது, மற்றொன்று அவளுக்கு மட்டுமே தெரிந்தது என்பது படத்திலேயே விளங்கிவிடும்.

சோதனையில் வந்தவர் தனக்கு வந்த ஓடிபியைச் சத்தமாக உங்களுக்குப் படித்துக் காட்டினால் அதையும் அறிகுறியாகக் குறியுங்கள். வீடியோவில் குரல் அந்த எண்ணை "நான்கு, ஏழு, இரண்டு" என்று வாசித்திருக்கும். எண்ணைக் குரலில் வாசிப்பதை நிறுத்துங்கள். அதேபோல, மாலா போடும் பின்னை 1234 என்று வரைந்து காட்டினால் அதையே தன் பின்னாக வைத்துக்கொள்கிறவர்கள் இருப்பார்கள். புள்ளிகளாக மட்டும் காட்டினால் அந்தக் கேள்வியே எழாது.

அறிகுறி: கொடுக்க வேண்டியவர் தன் கியூஆர் கோடைத் திறந்து நீட்டுகிறார்

இது தோன்றினால் முதலில் செயலியின் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உலகில் இரண்டு முறைகளும் புழக்கத்தில் உள்ளன. ஒன்றில் வாங்குபவர் கோடைக் காட்டுகிறார், கொடுப்பவர் ஸ்கேன் செய்கிறார். மற்றதில் கொடுப்பவர் தன் ஃபோனில் கோடைக் காட்டுகிறார், கடையில் இருக்கும் கருவி அதை ஸ்கேன் செய்கிறது. உங்கள் செயலியில் ஒரு முறைதான் உண்டு என்றால் மற்றதை எந்தக் காட்சியிலும், பின்னணியில்கூட, காட்டாதீர்கள். இரண்டும் உண்டு என்றால் ஒரே வீடியோவில் அடுத்தடுத்து வைக்க வேண்டாம், தனி வீடியோவாக எடுங்கள்.

ஒரு முறை மட்டும் இருந்தும் குழப்பம் வருகிறது என்றால், காட்சி யாருடைய கண்ணிலிருந்து வரையப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மாலாவின் ஃபோன் ஒரு காட்சியில் இடப்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம் என்றால் எது யாருடைய ஃபோன் என்பதே தெரியாமல் போகும். கொடுப்பவர் எப்போதும் ஒரே பக்கம், அவர் ஃபோன் எப்போதும் ஒரே நிறம் என்று ஸ்கிரிப்டின் தலைப்பில் எழுதிவிட்டால் அனிமேட்டர் பார்த்துக்கொள்வார்.

அறிகுறி: "ஃபோன் தொலைந்தால் பணமும் போய்விடுமா?" என்று கேட்கிறார்

இந்தக் கேள்வி வந்தால் பறக்கும் நாணயத்தைத் தேடுங்கள். ஃபோனுக்குள் நாணயங்கள் குவிந்திருக்கும் படத்தைப் பார்த்தவர், பணம் அந்தக் கருவிக்குள் இருப்பதாகவே நினைப்பார். செயலியை நீக்கினால் பணமும் நீங்கிவிடும், ஃபோனை விற்றால் பணத்தோடு விற்கிறோம் என்றெல்லாம் பயம் வரும். சிலர் இந்தப் பயத்தினாலேயே செயலியைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

வங்கிக் கணக்கோடு இணைந்த செயலி என்றால் பணம் கணக்கில் இருக்கிறது. முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் வாலட் வகை என்றாலும் மீதி எவ்வளவு என்ற பதிவு நிறுவனத்தின் சர்வரில்தான் பொதுவாக இருக்கும். இரண்டுக்குமே காட்சியில் ஃபோனுக்கு வெளியே கணக்கு ஒன்றை வரைய வேண்டும். பின் போட்டு முடித்ததும் மாலாவின் ஃபோனிலிருந்து ஒரு சிறிய சீட்டு அவளுடைய கணக்குக்குப் போகட்டும். எண் அங்கே குறைந்து, கடைக்காரர் கணக்கில் கூடட்டும். பிறகு ஒரு சீட்டு ஃபோனுக்குத் திரும்பி வரட்டும். முன்பு சொன்ன ஐந்தாவது வரிசையின் ஐந்து விநாடிக்குள்ளேயே இதைக் காட்டிவிடலாம். காத்திருக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்ற விளக்கமும் கிடைத்துவிடும். தொலைந்தால் என்ன செய்வது என்பது தனிச் செய்தி: உடனே நிறுவனத்துக்குச் சொல்லிச் செயலியை முடக்க வேண்டும். அதை இந்த வீடியோவின் கடைசியில் ஒரு வரியாகச் செருகினால் யார் மனதிலும் நிற்காது.

அறிகுறி: பாதிவரை நன்றாகச் செய்கிறார், பிறகு "இன்னொரு தடவை போடுங்கள்" என்கிறார்

வீடியோவில் பதிவு செய்வது, கணக்கை இணைப்பது, அனுப்புவது, வாங்குவது எல்லாமே இருக்கிறது. அதைச் சுருக்க முயன்று குரலின் வேகத்தைக் கூட்ட வேண்டாம். பிரித்துவிடுங்கள். பதிவு என்பது வாழ்நாளில் ஒருமுறை செய்வது. அனுப்புவதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். இரண்டும் ஒரே கோப்பில் இருந்தால், அனுப்பும் வழியை மறந்தவர் ஒவ்வொரு முறையும் பதிவுக் காட்சியைத் தாண்டி வர வேண்டும்.

அறிகுறி: வீடியோவில் இருக்கும் பட்டன் ஃபோனில் இல்லை

முன்பு சரியாக வேலை செய்த வீடியோவில் திடீரென்று எல்லோரும் ஒரே இடத்தில் நின்றால், செயலி புதுப்பிக்கப்பட்டிருக்கும். இதைத் தடுக்க முடியாது, சரிசெய்வதை எளிதாக்கலாம். ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரிசையிலும் அது காட்டும் ஸ்க்ரீனின் பெயரையும், செயலியின் எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதியது என்பதையும் குறித்து வையுங்கள். புதுப்பிப்பு வரும்போது உருவாக்குகிறவர்களிடம் எந்த ஸ்க்ரீன்கள் மாறின என்று கேட்டால், எந்த வரிசைகளைத் திரும்ப வரைய வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும். குரலை வரிசைக்கு ஒரு கோப்பாகத் தனித்தனியே பதிவு செய்யச் சொல்லுங்கள். அப்போது 'செலுத்து' என்ற பட்டன் 'அனுப்பு' என்று மாறினால் மூன்றாவது வரிசையின் நான்கு விநாடியை மட்டும் அதே குரலில் மறுபடி பதிவு செய்தால் போதும். மற்ற ஆறு வரிசைகளைத் தொட வேண்டியதில்லை.